தளத்துல பேர் வரலைன்னா லெவல் டூ போலியா?

எண்ணூர்_எச்ஆர்: எங்க ஃபேப்ரிகேஷன் யார்டுக்கு அல்ட்ராசானிக் இன்ஸ்பெக்டர் எடுக்குறோம். வந்த ரெஸ்யூமே எல்லாத்துலயும் ‘ஏஎஸ்என்டி லெவல் டூ’. அது அழிக்காமச் சோதிக்கிறதுக்கான அமெரிக்கச் சங்கம், அதோட asnt.org-ல தேடினா ஒருத்தர் பேரும் வரல. எல்லாம் டூப்ளிகேட். வடசென்னையில சர்டிஃபிகேட் அச்சடிக்கிற கடை அவ்வளவு பெருகிப்போச்சு. இனிமே தளத்துல பேர் இருந்தாத்தான் இன்டர்வியூ.

மணலி_கியூசி: போன மாசம் ஹைட்ரோடெஸ்ட் பத்தி எனக்கே பாடம் எடுத்தவர் இவர்தான். இப்போ இது. அய்யா, லெவல் டூ சர்டிஃபிகேட்டை ஏஎஸ்என்டி கொடுக்கல, ஆளை வேலைக்கு வெச்ச கம்பெனி கொடுத்துது. எஸ்என்டி-டிசி-1ஏ-ங்கிறது ஏஎஸ்என்டி போட்ட ஒரு பரிந்துரை, அவ்வளவுதான். அதை வெச்சு கம்பெனி தனக்குன்னு ஒரு ரிட்டன் பிராக்டீஸ் எழுதிக்கும், அதன்படி அந்தக் கம்பெனியோட லெவல் த்ரீ பரீட்சை வைப்பார், கம்பெனி கையெழுத்துப் போடும். அந்தப் பேர் அமெரிக்காவுல இருக்கற தளத்துல எப்படி வரும்? கம்பெனி ஐடி கார்டை ஆதார் தளத்துல தேடுற மாதிரி இருக்கு.

எண்ணூர்_எச்ஆர்: சர்டிஃபிகேட்ல ஏஎஸ்என்டி-ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே. அப்ப அது பொய்தானே? தளத்துல பேர் இல்ல. முடிஞ்சுது.

கிளவுடு_பெரம்பூர்: ரெண்டு பேரும் எதுக்கு அடிச்சுக்கறீங்க? எங்க ஐ.டி. பக்கம் இந்தத் தொல்லையே கிடையாது. கிரெட்லி லிங்க் வாங்கு, கிளிக் பண்ணு, யார் கொடுத்தது, எப்போ காலாவதின்னு எல்லாம் வந்துடும். லிங்க் தராதவன் பொய் சொல்றான். சிம்பிள்.

மணலி_கியூசி: தம்பி, லிங்க்கை அவனே அனுப்பினா அது எங்கே போகுதுன்னு பார்த்தியா? மூணெழுத்து மாத்தி ஒரு டொமைன் வாங்கி, அதே நிறம், அதே பேட்ஜ் வெச்சு ‘வெரிஃபைட்’னு பச்சை டிக் காட்டுற பக்கம் கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? க்யூஆர் கோடும் அப்படித்தான், அச்சடிச்சவன் எங்கே அனுப்பணும்னு நினைக்கிறானோ அங்கேதான் போகும். முகவரியை நீயே டைப் பண்ணி உள்ளே போய், நம்பரை நீயே போட்டுத் தேடு. அதுவும் உங்க பக்கத்துக்கு. இங்கே கேள்வி வேற.

கிளவுடு_பெரம்பூர்: நான் சொன்னதும் அதேதான். டேட்டாபேஸ்ல பாருன்னுதான் சொன்னேன்.

தண்டையார்பேட்டை_யூடி: இன்னா சார், எல்லாரையும் டூப்ளிகேட்டுன்னு சொல்லிட்ட? நானும் லெவல் டூ தான். அப்பா ஹார்பர்ல மூட்டை தூக்கின காசுல கோர்ஸ் கட்டினேன். எனக்கும் தளத்துல பேர் கிடையாது. நான் போலியா? ஒரு பிளேட்டைக் கொடு, வி1 பிளாக்ல ப்ரோபை கேலிபரேட் பண்ணி வெல்டுல குறை எங்கே கீதுன்னு காட்டுறேன். எச்ஆர் காட்டுவாரா?

எண்ணூர்_எச்ஆர்: தம்பி, உன்னைச் சொல்லல. ஆனா தளத்துல பேர் இல்ல.

மணலி_கியூசி: தம்பி, கோபப்படாதே, உன் சர்டிஃபிகேட்லயும் ஒரு கேள்வி இருக்கு. அதுல ‘எம்ப்ளாயர்’ங்கற இடத்துல யார் பேர்? இன்ஸ்டிடியூட் பேர்தானே? நீ அங்கே ஒரு நாளாவது வேலை பார்த்தியா? படிச்சுட்டு வந்தவனுக்கு இன்ஸ்டிடியூட் தர்றது பயிற்சி, பரீட்சை எழுதினதுக்கான தாள். அல்ட்ராசானிக், அதான் யூடி, அதுல லெவல் டூ-ன்னா பயிற்சி லெவல் ஒன்னுக்கு 40 மணி, டூ-வுக்கு இன்னொரு 40 மணி. அது மட்டும் போதாது. லெவல் ஒன்னுக்கு 210 மணி, டூ-வுக்கு மேல 630 மணி யூடி வேலை அனுபவம் இருக்கணும். காலேஜ் முடிச்ச மாசமே லெவல் டூ-ன்னு தேதி போட்டிருந்தா அந்த 630 மணி எங்கேயிருந்து வந்துது? எச்ஆர் பார்க்க வேண்டிய தேதி அது. இன்னொன்னு, கம்பெனியை விட்டு வந்தா அந்தக் கம்பெனி கொடுத்த சர்டிஃபிகேஷனும் போச்சு, புதுக் கம்பெனி தன் பேர்ல மறுபடி கொடுக்கணும். அதனால ரெஸ்யூமேல இருக்கற எந்த லெவல் டூ-வும் உங்க யார்டுல அப்படியே செல்லாது.

தண்டையார்பேட்டை_யூடி: அப்ப நான் கட்டின ஃபீஸு? இன்ஸ்டிடியூட்காரன் ‘உலகம் பூரா செல்லும்’னு போர்டு வெச்சிருந்தானே.

எண்ணூர்_எச்ஆர்: பார்த்தீங்களா, அவரே செல்லாதுங்கறார். நான் சொன்னதுதான்.

மணலி_கியூசி: செல்லாது வேற, போலி வேற. சரி, அதுல ஒரு சர்டிஃபிகேட்டைப் பேர் மறைச்சு இங்கே போடுங்க.

எண்ணூர்_எச்ஆர்: போட்டாச்சு. யூடி, எம்டி, பிடி, ஆர்டி-ன்னு நாலு சோதனை முறைக்கும் லெவல் டூ, தேதி 2021. லெவல் த்ரீ கையெழுத்து, கீழே அவர் நம்பர். ஆளோட பின்னணியைச் சரிபார்க்கிற பி.ஜி.வி. ஏஜென்சிகிட்டயும் கொடுத்தோம், ‘கிரீன்’னு ரிப்போர்ட் வந்துது. அதான் எனக்கே சந்தேகம் வந்து தளத்துல தேடினேன்.

மணலி_கியூசி: ஏஜென்சி எந்த நம்பருக்கு போன் போட்டான்? சர்டிஃபிகேட் அடியில இருக்கற நம்பருக்கு. எடுத்தவன் ‘ஆமா, எங்க ஸ்டூடன்ட்தான்’னான். கிரீன். இதுக்கு ஒரு பில் வேற. தளத்துல தேட வேண்டியது ஆளை இல்ல, அந்த லெவல் த்ரீயை. லெவல் த்ரீக்கு ஏஎஸ்என்டி தானே பரீட்சை வெச்சுக் கொடுக்குது, அதனால அவர் பேர் வரும், எந்தெந்த மெத்தட்ல த்ரீ-ன்னும் வரும். நீங்க போட்ட நம்பரைத் தேடினேன். ஆள் உண்மையான ஆள்தான். ஆனா எம்டி, பிடி, ஆர்டி மூணுதான் இருக்கு. யூடி இல்லவே இல்ல. யூடி-ல த்ரீ இல்லாதவர் யூடி லெவல் டூ-வுக்கு எப்படிக் கையெழுத்துப் போட்டார்? ஒண்ணு, அன்னைக்கு இருந்து இப்போ காலாவதி ஆயிருக்கும். இல்லைன்னா அவர் கையெழுத்தை ஸ்கேன் பண்ணி எவனோ ஒட்டியிருக்கான். தளத்துல இருந்து அவரைப் பிடிச்சு நேரா கேளுங்க: இந்தத் தேதி, இந்தப் பேர், நீங்க வெச்ச பரீட்சையா? ஜெனரல், ஸ்பெசிஃபிக், பிராக்டிக்கல் மூணு மார்க்கும் கேளுங்க. ஒவ்வொண்ணும் 70-க்குக் குறையாம, சராசரி 80 இருக்கணும். நிஜமா பரீட்சை வெச்சவர்கிட்ட பேப்பர் இருக்கும்.

கிளவுடு_பெரம்பூர்: ஆக டேட்டாபேஸ்தான் கடைசியில கைகொடுத்துது. நான் முதல்லயே சொன்னேன்.

ராயபுரம்_சேஃப்டி: ஆர்டி, அதான் ரேடியோகிராஃபி, அதுல லெவல் டூ-ன்னு போட்டிருக்கே, கதிர்வீச்சு சோர்ஸைத் தொட பார்க் அணு ஆராய்ச்சி மையத்தோட ஆர்டி-1 சர்டிஃபிகேட் இருக்கான்னு யாராச்சும் கேட்டீங்களா? அது இல்லாம கேமராவைத் திறந்தா அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏஇஆர்பி யார்டையே மூடும்.

மணலி_கியூசி: அவங்க எடுக்கறது யூடி ஆளுங்க. திரியை முதல்ல இருந்து படிங்க.

ராயபுரம்_சேஃப்டி: படிச்சுட்டுத்தான் சொல்றேன். நாளைக்கு அதே ஆளைத்தான் ஆர்டி-க்கும் அனுப்புவாங்க, உங்க யார்டு லட்சணம் எனக்குத் தெரியும்.

மணலி_கியூசி: எங்க யார்டை எதுக்கு இழுக்கறீங்க? 2019 ஷட்டவுன்ல பர்மிட் இல்லாம நின்னது யாரு?

தண்டையார்பேட்டை_யூடி: அண்ணே, சண்டை அப்புறம். தளத்துல தேடினாப் பேர் வர்ற லெவல் டூ ஏதாச்சும் இருக்கா?

மணலி_கியூசி: இருக்கு. ஐஎஸ்ஓ 9712 முறையில தர்றது. பிசிஎன், சிஸ்விப், நம்ம கிண்டியில இருக்கற ஐஎஸ்என்டி. அதுல கம்பெனி கையெழுத்து இல்ல, வெளி அமைப்பே பரீட்சை வைக்கும், கம்பெனி மாறினாலும் கூடவே வரும். ஏஎஸ்என்டி-யே அந்த முறையில நேரா தர்ற லெவல் டூ-வும் உண்டு, அது தளத்துல வரும். ஆனா அங்கேயும் உன் பேரை எப்படிப் பதிஞ்சாங்கன்னு பாரு. பாஸ்போர்ட்ல இனிஷியலை விரிச்சு அப்பா பேர் முன்னாடி நிக்கும், ரெஸ்யூமேல நீ வெறும் இனிஷியல் போடுவே, எச்ஆர் தேடுவார், வராது, உடனே போலிம்பார். நம்பரை வெச்சுத் தேடச் சொல்லு.

எண்ணூர்_எச்ஆர்: நான் நம்பர் போட்டும் தேடினேன். வரல.

மணலி_கியூசி: எந்த நம்பர்? இன்ஸ்டிடியூட் போட்ட சீரியல் நம்பர்! அதை அங்கே போட்டா என்ன வரும்? அந்த லெவல் த்ரீக்கு மெயில் போட்டீங்களா இல்லையா?

எண்ணூர்_எச்ஆர்: எங்க பாலிசியில தளத்துல தேடணும்னுதான் இருக்கு, மெயில் போடச் சொல்லி இல்ல. தளத்துல பேர் இல்ல.

தண்டையார்பேட்டை_யூடி: சார், அந்த பிளேட் டெஸ்டுக்கு எப்ப வரட்டும்?