எல் சைஸ் குர்தி ஏன் திரும்பி வருகிறது?

மேலப்பாளையம் நிஷா: ஆன்லைனில் காட்டன் குர்தி விற்கிறேன். அளவு அட்டவணையில் எல் என்றால் 40 இன்ச் என்று போட்டிருக்கிறேன். போன மாதம் அனுப்பிய 50 குர்தியில் 11 திரும்பி வந்துவிட்டது. அட்டவணையை மாற்றவா, எடுத்தே விடவா?

வள்ளியூர் முருகன்: எடுத்துவிடுங்க அக்கா. அதை யாரும் படிப்பதில்லை. நான் ஒவ்வொரு ஆர்டருக்கும் வாட்ஸ்அப்பில் அளவு கேட்டுத்தான் பார்சல் போடுகிறேன்.

பாளை டெய்லர்: தம்பி, ஒரு நாளைக்கு நாலு ஆர்டர் என்றால் அது சரி. நிஷாம்மா, அந்த 40 உடம்பின் அளவா, துணியின் அளவா? ஒரு எல் குர்தியைத் தரையில் விரித்து, இழுக்காமல் அக்குளுக்கு அக்குள் டேப் வையுங்கள். 20 வந்தால் துணியின் சுற்றளவுதான் 40. இழுபடாத காட்டனுக்கு இரண்டு மூன்று இன்ச் லூசு வேண்டும். அப்படியானால் அது 37, 38 மார்பு உள்ளவருக்கான குர்தி. 40 உள்ளவர் உங்கள் அட்டவணையை நம்பித்தான் வாங்கி ஏமாறுகிறார்.

தென்காசி மைனி: எனக்கும் ரிட்டர்ன் தொல்லைதான். போட்டோவில் மயில்கழுத்துப் பச்சை, கையில் வேறு பச்சை என்கிறார்கள்.

பாளை டெய்லர்: அது வெளிச்சத்தில் வரும் கோளாறு, மைனி. அளவு அதைத் தீர்க்காது.

மேலப்பாளையம் நிஷா: அளந்தேன் அண்ணாச்சி, 20தான். துவைத்துக் காயவைத்த பிறகு பத்தொன்பதரை. திரும்பி வந்த 11 பேரின் மெசேஜையும் மறுபடி படித்தேன். 7 பேர் இறுக்கம் என்கிறார்கள், அதில் 4 பேருக்கு மார்பு சரி, கைதான் பிடிக்கிறது.

பாளை டெய்லர்: அங்கேதான் விஷயம் இருக்கிறது. மேல்கைச் சுற்றளவுக்குத் தனி வரிசை போடுங்கள். மார்பு ஒன்றாக இருக்கிற இரண்டு பேருக்குக் கை ஒன்றாக இருக்காது. அட்டவணைக்கு மேலேயே, ‘உங்களுக்குப் பொருந்துகிற பழைய குர்தியை விரித்து அளந்து ஒப்பிடுங்கள்’ என்று படத்தோடு சொல்லுங்கள்.

வள்ளியூர் முருகன்: டேப் இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள்? அதைவிடத் தைக்கும்போதே உள்ளே ஒரு இன்ச் தையல் விடச் சொல்லுங்கள். பக்கத்துத் தெரு டெய்லர் பிரித்துக் கொடுத்துவிடுவார்.

பாளை டெய்லர்: நல்ல யோசனைதான், மொத்தமாகத் தைக்கிற இடத்தில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஓவர்லாக் அடித்து ஒட்ட வெட்டிவிடுவார்கள். பக்கத்தில் விட்டாலும் கையில் விடமாட்டார்கள். புதுத் துணியைப் பிரித்துத் தைக்க எல்லாருக்கும் மனசும் வராது.

வள்ளியூர் முருகன்: எங்க ஊரில் வருகிறதே!

மேலப்பாளையம் நிஷா: அடுத்த லாட்டில் ஒரு டிசைனுக்கு மட்டும் கை வரிசையும் படமும் போட்டுப் பார்க்கிறேன். ஆனால் மார்புக்கு எந்த எண்ணைப் போட? 39 என்று போட்டால், பார்சல் பிரித்ததும் அளப்பவர் 40 இருக்கிறதே என்பார். 40 போட்டால் முதல் துவையலுக்கு அப்புறம் சண்டை.

பாளை டெய்லர்: 39 போடுங்கள், ‘ஒருமுறை துவைத்த பின்’ என்று அதே கட்டத்தில் எழுதுங்கள்.

வள்ளியூர் முருகன்: துவைத்தால் சுருங்கும் என்று நீங்களே எழுதினால் யார் வாங்குவார்கள் அண்ணாச்சி?