எஃப் சோதனை வேறுபாடு உண்டு என்கிறது. கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிட்டால் எதுவும் தேறவில்லை. எதை எழுதுவது?

முல்லை:
ஆர் மென்பொருளுடன் வரும் PlantGrowth தரவில் மூன்று குழுக்கள்: கட்டுப்பாட்டுக் குழுவாகிய ctrl, நடத்துமுறைக் குழுக்களாகிய trt1, trt2. குழுவுக்குப் பத்துச் செடிகளின் உலர் எடை. ஒருவழி அனோவா கீழே உள்ளது. பி-மதிப்பு 0.0159 என்று வந்ததால் சராசரிகள் வேறுபடுகின்றன என்று எழுதினேன். ஆனால் குழுக்களை இரண்டிரண்டாக ஒப்பிடும் டூக்கி சோதனையில் trt1, trt2 இரண்டுமே ctrl குழுவிலிருந்து வேறுபடவில்லை என்று வருகிறது. எதை நம்பி முடிவு எழுத வேண்டும்?

```
            Df Sum Sq Mean Sq F value Pr(>F)
group        2  3.766  1.8832   4.846 0.0159 *
Residuals   27 10.492  0.3886
```

செங்கதிர்:
இதில் குழப்பத்திற்கு இடமே இல்லை. 2, 27 ஆகிய கட்டின்மைக் கூறுகளுக்கு 5 விழுக்காட்டு நிலையில் எஃப் அட்டவணை மதிப்பு 3.35; உங்களுக்குக் கிடைத்தது 4.846. எனவே இன்மை எடுகோள் நிராகரிக்கப்படுகிறது. சராசரிகளைப் பாருங்கள்: ctrl 5.032, trt1 4.661, trt2 5.526. இரண்டாம் நடத்துமுறை எடையைக் கூட்டுகிறது என்று எழுதிவிடலாம். நான் ctrl, trt2 இரண்டை மட்டும் எடுத்து டி-சோதனை செய்து பார்த்தேன், பி-மதிப்பு 0.048 வந்தது. டூக்கி சோதனை அளவுக்கு மீறிக் கெடுபிடி செய்கிறது, அவ்வளவுதான்.

நிலவன்:
செங்கதிர் அவர்களே, உங்கள் முதல் பாதி சரி. அதிலிருந்து இரண்டாம் பாதிக்குத் தாவிய இடத்தில்தான் தவறு இருக்கிறது. இந்த அட்டவணை எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்பதை முதலில் பார்ப்போம். கீழ் வரிசையில் உள்ள 0.3886 என்பது ஒரே குழுவுக்குள் செடிக்குச் செடி இருக்கும் ஏற்ற இறக்கம். மூன்று குழுக்களின் மாறுபாடுகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அதுவே கிடைக்கும். மேல் வரிசையின் 1.8832 மூன்று சராசரிகளும் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்பதிலிருந்து கணக்கிடப்பட்டது. நடத்துமுறைகளுக்கு எந்த விளைவும் இல்லையென்றால் இந்த இரண்டு எண்களும் ஒரே ஏற்ற இறக்கத்தைத்தான் இரு வழிகளில் மதிப்பிடுகின்றன, ஆகவே அவற்றின் விகிதம் ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும். இங்கே அது ஏறத்தாழ ஐந்து. அத்தனை பெரிய விகிதம் தற்செயலாக வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. எனவே 'மூன்று சராசரிகளும் சமம்' என்பது நிற்காது. எது எதிலிருந்து வேறுபடுகிறது என்று இந்த அட்டவணை ஒரு சொல்லும் சொல்லவில்லை.

டூக்கி சோதனை அதைச் சொல்கிறது. trt2, trt1 இரண்டுக்கும் இடையே 0.865 வேறுபாடு, பி-மதிப்பு 0.012. trt2, ctrl இடையே 0.494 வேறுபாடு, பி-மதிப்பு 0.198. trt1, ctrl இடையே 0.371, பி-மதிப்பு 0.391. கட்டுப்பாட்டுக் குழு நடுவில் நிற்கிறது. ஒரு நடத்துமுறை அதற்கு மேலும் மற்றொன்று அதற்குக் கீழும் விலகின. அந்த இரு முனைகளுக்கும் இடைப்பட்ட தூரமே எஃப் மதிப்பை உயர்த்தியது. ஆகவே முல்லை, அனோவாவும் டூக்கியும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. இரண்டையும் நம்பி எழுதலாம்.

வயல்வெளி:
ஐயா, வேளாண் ஆய்வுகளில் நாங்கள் டூக்கி எல்லாம் பார்ப்பதில்லை. எஃப் தேறினால் இரு சராசரிகள் வேறுபடத் தாண்ட வேண்டிய எல்லையாகிய சி.டி.யைக் கணக்கிடுவோம், தேறாவிட்டால் அந்த இடத்தில் தேறவில்லை என்ற பொருளில் 'என்.எஸ்.' என்று எழுதிவிடுவோம். இங்கே சி.டி. எவ்வளவு வரும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் நெல் ஆய்வில் ஐந்து ரகங்கள், நான்கு தொகுதிகள். விளைச்சலை இதே போல ஒருவழி அனோவாவில் போட்டேன், எஃப் தேறவில்லை. ரகங்களுக்குள் வேறுபாடு இல்லை என்று முடிவு செய்துவிடலாமா?

நிலவன்:
சி.டி. கணக்கு எளிது. இரு சராசரிகளின் வேறுபாட்டுக்கான திட்டப் பிழை √(2 × 0.3886 / 10), அதாவது 0.279. அதை 27 கட்டின்மைக் கூறுகளுக்கான டி மதிப்பாகிய 2.05 ஆல் பெருக்கினால் 0.57 கிடைக்கும். 0.865 இதைத் தாண்டுகிறது, 0.494 தாண்டவில்லை. டூக்கி சோதனைக்கு வேண்டிய தூரம் 0.69, அந்த அளவுகோலிலும் இதே முடிவுதான். நீங்கள் சராசரிக்கு மேல் எழுத்துகள் போடும் வழக்கத்தில் எழுதினால் trt2 'a', ctrl 'ab', trt1 'b' என்று வரும்; ஒரே எழுத்தைப் பகிரும் குழுக்கள் வேறுபடுவதாகத் தேறவில்லை என்பது அதன் பொருள். எனவே கெடுபிடியைக் குறைத்தாலும் trt2 கட்டுப்பாட்டுக் குழுவை முந்தவில்லை. செங்கதிர் இதைக் கவனிக்க வேண்டும்.

உங்கள் நெல் ஆய்வு வேறு வகை. தொகுதி அமைத்து நட்டுவிட்டுத் தொகுதிக்கு ஒரு வரிசை தராமல் அட்டவணை போட்டால், நிலத்தின் மேடு பள்ளமும் வள வேறுபாடும் மிச்சப் பிழையில் போய்ச் சேர்ந்து அதைப் பெருக்கிவிடும், எஃப் சிறுத்துவிடும். இருபது பாத்திகளில் மிச்சத்தின் கட்டின்மைக் கூறுகள் 15 என்று இருந்தால் தொகுதி விடுபட்டிருக்கிறது. தொகுதிக்கு 3 போய் 12 என்று இருக்க வேண்டும். அதைத் திருத்திய பிறகுதான் ரகங்களைப் பற்றி எதையும் சொல்ல முடியும்.

முல்லை:
கட்டின்மைக் கூறுகள் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். என் தோழி இதே தரவை வேறு கோப்பிலிருந்து ஏற்றினாள். அவளுக்கு group வரிசையில் 1, மிச்சத்தில் 28, எஃப் 2.62 என்று வந்திருக்கிறது. பி-மதிப்பு 0.1க்கும் மேல். எண்கள் எல்லாம் அதே எண்கள்தான், சரிபார்த்துவிட்டோம்.

நிலவன்:
அவருடைய கோப்பில் குழுக்கள் 1, 2, 3 என்று எண்களாக இருக்கும். மென்பொருள் அவற்றைப் பெயர்களாகக் கொள்ளாமல் அளவுகளாகக் கொண்டு, ஒன்றிலிருந்து மூன்று வரை எடை நேர்கோட்டில் ஏறுகிறதா என்று பார்த்திருக்கிறது. இந்தத் தரவில் நடுக்குழுவின் சராசரிதான் மிகத் தாழ்ந்தது. நேர்கோடு அதைக் காட்டவே முடியாது, எனவே வேறுபாட்டின் பெரும்பகுதி மிச்சத்தில் விழுந்துவிட்டது. மூன்று குழுக்கள் என்றால் அந்த வரிசையில் 2 இருக்க வேண்டும். பி-மதிப்பைப் பார்ப்பதற்கு முன் நான் எப்போதும் இந்த ஒரு எண்ணைத்தான் பார்ப்பேன். கீழ்க்கண்டவாறு மாற்றிவிட்டு மீண்டும் ஓட்டச் சொல்லுங்கள்.

```
d$group <- factor(d$group)
summary(aov(weight ~ group, data = d))
```

செங்கதிர்:
நிலவன் அவர்களே, என் 0.048 என்ற எண்ணுக்கு நீங்கள் இன்னும் விடை சொல்லவில்லை. என் வாதம் இதுதான். மூன்று குழுக்களின் திட்ட விலக்கங்கள் ctrl 0.58, trt1 0.79, trt2 0.44. நீங்கள் பயன்படுத்தும் 0.3886 என்ற பொதுப் பிழையில் trt1 குழுவின் சிதறலே பெரும்பங்கு. நான் ஒப்பிட விரும்புவதோ ctrl, trt2 இரண்டை மட்டும். அந்த ஒப்பீட்டில் இல்லாத மூன்றாம் குழு சிதறிக் கிடப்பதற்காக trt2 ஏன் தண்டனை பெற வேண்டும்?

நிலவன்:
இது நல்ல கேள்வி, இதை ஒதுக்கிவிட முடியாது. உங்கள் டி-சோதனையில் திட்டப் பிழை 0.23, பொதுப் பிழையிலிருந்து வருவது 0.28. அதே 0.494 வேறுபாடு ஓரிடத்தில் தேறி மறு இடத்தில் தேறாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். பொதுப் பிழையைப் பயன்படுத்துவது மூன்று குழுக்களின் உண்மையான சிதறலும் ஒன்றே என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. சிதறல்கள் சமமா என்று பார்க்கும் பார்ட்லெட் சோதனையில் பி-மதிப்பு 0.24, அனுமானத்தை மறுக்கும் சான்று இல்லை. ஆனால் பத்துப் பத்துச் செடிகளில் அந்தச் சோதனை எளிதில் எதையும் கண்டுபிடித்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த அனுமானத்தையே விட்டுவிடுவோம். வெல்ச் முறையில் அனோவா செய்தால் பி-மதிப்பு 0.017, மொத்த முடிவு மாறவில்லை. இணை ஒப்பீடுகளுக்கு, ஒவ்வொரு இணையின் சொந்தச் சிதறலை மட்டும் பயன்படுத்தும் கேம்ஸ்-ஹவல் முறை இருக்கிறது. அதில் உங்கள் டி மதிப்பு அப்படியே 2.13; ஆனால் மூன்று இணைகளைப் பார்ப்பதால் தாண்ட வேண்டிய எல்லை 2.57 ஆகிறது. அங்கும் தேறவில்லை. உங்கள் 0.048 தேறியதற்குச் சிதறல் பாதிக் காரணம். சராசரிகளைப் பார்த்த பிறகு உயர்ந்து நின்ற குழுவைத் தேர்ந்தெடுத்துச் சோதித்தது மறுபாதி. மூன்று இணைகளிலிருந்து ஒன்றை எடுத்ததற்காக அதை மூன்றால் பெருக்கினாலே 0.14 ஆகிவிடுகிறது.

செங்கதிர்:
பார்த்த பிறகு தேர்ந்தெடுத்தேன் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆய்வைத் தொடங்குமுன்பே 'ctrl குழுவோடு trt2 குழுவை மட்டும் ஒப்பிடுவேன்' என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால், அவருக்கு இந்தப் பெருக்கல் தேவையில்லை அல்லவா? அதே தரவு, அதே எண்; அவர் வேறுபாடு உண்டு என்பார், முல்லை இல்லை என்பார். இது எனக்கு ஏற்கத் தக்கதாகத் தெரியவில்லை.

நிலவன்:
அப்படி எழுதி வைத்தவருக்குப் பெருக்கல் தேவையில்லை. ஆனால் எந்தப் பிழையைப் பயன்படுத்துவார் என்பதையும் அவர் முன்னரே எழுதியிருக்க வேண்டும். பொதுப் பிழை என்று எழுதியிருந்தால் அவருக்கும் பி-மதிப்பு 0.088தான் கிடைக்கும். அதே எண் இருவருக்கு இரு முடிவுகளைத் தருவது முறையா என்பதில் புள்ளியியலாளர்களே ஒரு கருத்தினர் அல்லர். திட்டமிட்ட ஒப்பீட்டுக்குச் சலுகை தர வேண்டும் என்பதே என் நிலை. உங்கள் தயக்கமும் பொருளற்றதன்று.

ஒரு சொல்லை மட்டும் திருத்த வேண்டும். முல்லை 'இல்லை' என்று சொல்லக் கூடாது. ctrl, trt2 வேறுபாட்டுக்கான டூக்கி இடைவெளி –0.20 முதல் 1.19 வரை. சுழியமும் அதற்குள் இருக்கிறது. கட்டுப்பாட்டுக் குழுவின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான ஏற்றமும் அதற்குள் இருக்கிறது. இந்தத் தரவால் இவற்றைப் பிரிக்க முடியவில்லை என்பதே உண்மை நிலை. ctrl 'ab' என்று எழுதுவதன் பொருளும் அதுவே: அது இரண்டுக்கும் சமம் என்று யாரும் நிறுவவில்லை.

முல்லை:
அப்படியானால் இவ்வாறு எழுதுகிறேன்: 'மூன்று குழுச் சராசரிகளும் சமமல்ல (எஃப் 4.85, 2, 27, பி 0.016). trt2 குழுவின் எடை trt1 குழுவினதை விட 0.87 மிகுதி, இடைவெளி 0.17 முதல் 1.56 வரை. இவ்விரண்டில் எதுவும் கட்டுப்பாட்டுக் குழுவிலிருந்து வேறுபடுகிறது என்று சொல்ல இந்தத் தரவு போதாது.' 0.494 அளவு வேறுபாட்டைப் பிடிக்க எத்தனை செடிகள் வேண்டும் என்று ஆசிரியர் கேட்டால் என்ன சொல்வது?

நிலவன்:
எழுதியது சரி. இரு குழுக்களை மட்டும், இதே சிதறலில், நூற்றுக்கு எண்பது முறை பிடிக்க வேண்டும் என்றால் குழுவுக்கு ஏறத்தாழ 26 செடிகள் வேண்டும். மூன்று இணைகளையும் பார்ப்பதென்றால் இன்னும் கூடும்.

செங்கதிர்:
அந்தக் கணக்கில் சிதறலுக்கு 0.3886 எடுத்தீர்களா, ctrl, trt2 இரண்டின் சொந்தச் சிதறலை எடுத்தீர்களா? பின்னதை எடுத்தால் 19 செடிகள் போதும் என்று எனக்கு வருகிறது.