உதவி தேவை: திரைப்பிடிப்பில் உள்ள பாடல் நேரங்களைக் கூட்டினால் இரண்டு விடைகள் வருகின்றன

ஈசூன் வாசகி: எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் தீபாவளி நிகழ்ச்சியில் எங்கள் நடனக் குழுவுக்கு 30 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பாடல் பட்டியலின் திரைப்பிடிப்பை மட்டுமே ஆசிரியை அனுப்பியுள்ளார். அதில் உள்ள நேரங்கள் 4:35, 5:12, 3:48, 4:56, 5:27, 4:09. கைப்பேசிக் கணிப்பானில் புள்ளி வைத்துக் கூட்டினால் 26.87 வருகிறது, தங்கை எக்செல்லில் கூட்டினால் 4:07 என்று காட்டுகிறது. எதை நம்புவது?

உட்லண்ட்ஸ் ரவி: 26.87 என்பதை 26 நிமிடம் 87 விநாடி என்று படியுங்கள். அதாவது 27:27. தாராளமாக நேரம் இருக்கிறது.

ஒலிப்பதிவாளர்: ரவி சொல்வது பாதிதான் சரி. கணிப்பான் 100 விநாடி சேர்ந்த பிறகே அடுத்த நிமிடத்துக்குத் தாவுகிறது, ஆனால் நிமிடத்துக்கு 60 விநாடிதான் என்பதால், அப்படித் தாவும் ஒவ்வொரு முறையும் 40 விநாடி காணாமல் போகிறது. நிமிடங்களைத் தனியே கூட்டினால் 25. விநாடிகளைத் தனியே கூட்டினால் 187, அதாவது 3 நிமிடம் 7 விநாடி. மொத்தம் 28:07.

எக்செல் 4:35 என்பதை 4 மணி 35 நிமிடமாக எடுத்துக்கொள்கிறது. கூட்டுத்தொகை 28 மணி 7 நிமிடமானதும் ஒரு முழு நாளைக் கழித்துவிட்டு 4:07 காட்டுகிறது. விடைக் கட்டத்தின் வடிவத்தை இப்படி மாற்றினால் 28:07 தெரியும்:

```
[h]:mm
```

கணக்கைவிட எனக்குக் கவலை தருவது திரைப்பிடிப்புதான். கடைசி வரியைக் கீழே ஓடும் பாடலின் பட்டை மறைத்திருக்கிறதா, அதற்கும் கீழே ஏழாவது பாடல் இருக்கிறதா என்று ஆசிரியையிடம் கேளுங்கள். பாடல்களின் எண்ணிக்கையையும் கேட்டு வாங்குவது நல்லது.

பொங்கோல் அண்ணன்: திருமண வரவேற்பில் நான் பாடல்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி அமைத்து நேரத்தை மிச்சப்படுத்தினேன். நீங்களும் அப்படிச் செய்யலாமே?

ஒலிப்பதிவாளர்: விருந்தில் பின்னணியாக ஒலிக்கும் இசைக்கு அது பொருந்தும், அண்ணே. இங்கே ஒரு பாடலுக்கு ஆடியவர்கள் இறங்கி, அடுத்தவர்கள் ஏறி நிற்க வேண்டும். ஆறு பாடல்களுக்கு நடுவே ஐந்து இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி வைத்தால் 1:40 கூடி, 29:47 ஆகிவிடும். மிஞ்சுவது 13 விநாடிதான். ஒருவர் சலங்கையைச் சரிசெய்யத் தாமதித்தாலே அது போய்விடும். 3:48 பாடலை விட்டுவிட்டால், நான்கு இடைவெளிகளோடு 25:39 ஆகும்.

ஈசூன் வாசகி: மிக்க நன்றி. கடைசி வரி பாதி மறைந்துதான் இருக்கிறது. 4:09 என்று நான் படித்தது 4:39 ஆகவும் இருக்கலாம். அப்படியானால் ஆறு பாடல்களும் இடைவெளிகளும் சேர்ந்து 30:17 ஆகிவிடும். ஆசிரியையிடம் கேட்டிருக்கிறேன். அறிவிப்பாளர் எங்களை அறிமுகப்படுத்தும் நேரமும் அந்த 30 நிமிடத்துக்குள் அடங்குமா என்று ஏற்பாட்டுக் குழு இன்னும் சொல்லவில்லை.