புதுப்பிப்பு: மைனஸ் எடையில் டைக்ஸ்ட்ரா தவறுவது ஏன்?

“ஒரே ஒரு விளிம்பின் எடைதான் மைனஸ். S-இலிருந்து C-க்குக் குறுகிய பாதையைக் கையால் போட்டால் 2 வருகிறது, குறுகிய பாதை தேடும் டைக்ஸ்ட்ரா முறை 3 என்கிறது. ஏன்?”

```
S→A 2
S→B 5
B→A -4
A→C 1
```

பதில் கிடைத்துவிட்டது. டைக்ஸ்ட்ரா முதலில் A-வை 2 என்று எடுத்து மூடிவிடுகிறது, அடுத்து C-யை 3 என்று. B-யின் முறை வரும்போது A-வுக்கு 5-4=1 என்ற வழி தெரிகிறது. ஆனால் மூடியதை அது திறப்பதில்லை. இனி வரும் பாதை நீளத்தான் செய்யும் என்ற நம்பிக்கையில்தான் மூடுகிறது. மைனஸ் எடை அதை உடைத்துவிடுகிறது.

எல்லா எடையிலும் 4 கூட்டச் சொன்னார் ஒரு நண்பர். மைனஸ் போய்விடும், சரி. ஆனால் S→A 6 ஆகிறது, S→B→A 9 ஆகிறது. விளிம்பு கூடக்கூட அபராதமும் கூடுவதால் நல்ல வழி தோற்றுவிடுகிறது.

அனுபவமுள்ள அக்கா ஒருவர் சொன்ன பெல்மேன்-ஃபோர்டு என்ற இன்னொரு முறைதான் கைகொடுத்தது. நான்கு முனைகள், அதனால் மூன்று சுற்று; ஒவ்வொரு சுற்றிலும் எல்லா விளிம்பையும் தளர்த்த வேண்டும், அதாவது அதன் வழியே போனால் தூரம் குறைகிறதா என்று பார்த்துக் குறைக்க வேண்டும். C-க்கு 2 வந்தது. நான்காவது சுற்றிலும் ஏதாவது குறைந்தால் மைனஸ் சுழற்சி இருக்கிறது: சுற்றி வரும்போதெல்லாம் மொத்த எடை குறைந்துகொண்டே போகும், குறுகிய பாதை என்ற ஒன்றே இல்லை.

தன் இருவழிச் சாலை வரைபடத்தைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு: அங்கே ஒரு மைனஸ் விளிம்பே போதும், போய்த் திரும்பினாலே சுழற்சி.

மூடியதைத் திறக்கும்படி டைக்ஸ்ட்ராவை மாற்றினால், மைனஸ் சுழற்சி இல்லாதவரை விடை சரியாக வரும். மோசமான வரைபடத்தில் வேலை அடுக்கடுக்காகப் பெருகும். என் பெரிய வரைபடத்துக்கு அது தாங்குமா என்று இன்னும் பார்க்கவில்லை.