40 லட்சம் டெண்டர்: "ஒத்த பணி" நிபந்தனையில் அண்ணன் தேறுவாரா?

கரூர் தங்கை

வணக்கம். என் அண்ணன் கொத்தனாராக இருந்து, பிறகு மேஸ்திரியாகி, இப்போது சொந்தப் பெயரில் சிறு கட்டட வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்கிறார். முதல்முறையாக ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் டெண்டரில் கலந்துகொள்ள ஆசைப்படுகிறார். அலுவலகத்துக்கு இணைப்புக் கட்டடமும் கழிப்பறைகளும் கட்டும் வேலை. மதிப்பீடு 40 லட்சம் ரூபாய், டெண்டரோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகை 80 ஆயிரம், கடைசி நாள் 20-6-2025. ஆவணம் முழுவதும் ஆங்கிலம். நான்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

நான் புரிந்துகொண்டது இது: கடந்த 7 ஆண்டுகளுக்குள் ஒத்த பணிகள் முடித்திருக்க வேண்டும். மதிப்பீட்டில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் மூன்று, அல்லது 60 சதவீதத்துக்குக் குறையாமல் இரண்டு, அல்லது 80 சதவீதத்துக்குக் குறையாமல் ஒன்று. மூன்று ஆண்டு சராசரி விற்றுமுதல் மதிப்பீட்டில் 30 சதவீதம் இருக்க வேண்டும்.

அண்ணன் செய்தவை: 2020 ஜூனில் முடித்த அங்கன்வாடிக் கட்டடம், 13.60 லட்சம். 2022 டிசம்பரில் ஓர் அறக்கட்டளைக்குக் கட்டிய திருமண மண்டபம், 26 லட்சம். 2024 மார்ச்சில் நகராட்சிப் பள்ளி வகுப்பறைகள், 17.20 லட்சம். இவை தவிர, ஒரு பெரிய ஒப்பந்ததாரரிடம் துணை ஒப்பந்தமாக எடுத்த 22 லட்சம் ரூபாய் விடுதி வேலை.

"போடலாமா, கூடாதா?" என்று தினமும் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

திண்டுக்கல் பில்டர்

சகோதரி, தாராளமாகப் போடலாம். 13.60, 26, 17.20 மூன்றையும் கூட்டினால் 56.80 லட்சம். 80 சதவீதம் என்பது 32 லட்சம்தான். அதைத் தாண்டிவிட்டாரே! அதோடு சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால் முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டாம், அனுபவமும் கேட்க மாட்டார்கள். நான் ஓர் அலுவலகத்துக்கு நாற்காலி, மேசை கொடுத்தபோது அப்படித்தான் விலக்குக் கிடைத்தது.

ஓய்வுபெற்ற பொறியாளர்

கூட்டக் கூடாது. ஒவ்வொரு வேலையும் தனித்தனியாக அந்த வரம்பைத் தொட வேண்டும். 80 சதவீத வழியில் போக, ஒரே ஒப்பந்தத்தில் 32 லட்சத்துக்கு வேலை முடித்திருக்க வேண்டும். அப்படி ஒன்று அவரிடம் இல்லை. 60 சதவீத வழிக்கு 24 லட்சத்தில் இரண்டு வேண்டும். மண்டபம் ஒன்றுதான் அதைத் தாண்டுவதுபோல் தெரிகிறது. மீதி இருப்பது 16 லட்சத்தில் மூன்று என்னும் வழி. அதை மட்டும் பார்ப்போம்.

உத்யம் விஷயத்தில் நண்பர் சொல்வது பொருள் வாங்கும் டெண்டருக்குப் பொருந்தலாம். 2012ஆம் ஆண்டின் சிறு தொழில் கொள்முதல் கொள்கை, பொருள்களுக்கும் சேவைகளுக்கும் உரியது. கட்டுமான ஒப்பந்தங்கள் அதில் வராது. இந்த டெண்டரே எழுத்தில் விலக்குத் தந்தால் ஒழிய 80 ஆயிரத்தைக் கட்டியே தீர வேண்டும். கட்டாமல் போட்டால் தகுதிச் சான்றுகளைப் படிக்கும் முன்பே ஒதுக்கிவிடுவார்கள்.

அம்மா, மூன்று கேள்விகள். முடித்த பணிகளின் மதிப்பை ஆண்டுக்கு 7 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வாசகம் இருக்கிறதா? மண்டபத்துக்கு சிமென்டும் கம்பியும் யார் வாங்கினார்கள்? துணை ஒப்பந்த வேலைக்கு யார் சான்று கொடுத்திருக்கிறார்கள்?

கரூர் தங்கை

ஐயா, அந்த 7 சதவீத வாசகம் இருக்கிறது. பணி முடிந்த நாளிலிருந்து டெண்டரின் கடைசி நாள் வரை, தனிவட்டிக் கணக்கில் என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு அது எதற்கென்று புரியாததால் விட்டுவிட்டேன்.

மண்டபத்துக்கு சிமென்ட், கம்பி எல்லாம் அறக்கட்டளையே வாங்கிக் கொடுத்தது. அண்ணன் கைக்கு வந்தது 17 லட்சம். சான்றில் 26 லட்சம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விடுதி வேலைக்கு அந்தப் பெரிய ஒப்பந்ததாரர் தன் கடிதத்தாளில் ஒரு கடிதம் கொடுத்தார். துறையின் சான்று எதுவும் இல்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர்

அந்த 7 சதவீத வாசகம்தான் அங்கன்வாடியைக் காப்பாற்றுகிறது. 2020 ஜூன் முதல் 2025 ஜூன் வரை ஐந்து ஆண்டுகள், ஆக 35 சதவீதம். 13.60 லட்சத்தில் 35 சதவீதம் 4.76 லட்சம். சேர்த்தால் 18.36 லட்சம். 16 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் 13.60 என்பது ஒப்பந்தத் தொகையா, இறுதிப் பட்டியல் தொகையா என்று பார்த்துவிடுங்கள். செய்து முடித்த வேலையின் மதிப்புதான் கணக்கு.

மண்டபத்தை 26 லட்சம் என்று காட்டாதீர்கள். "பணியின் மதிப்பு" என்றால் என்ன என்று ஆவணத்திலேயே ஒரு விளக்கம் இருக்கும். மத்தியப் பொதுப்பணித் துறையின் வழக்கமான வாசகப்படி, உரிமையாளர் கொடுத்த பொருளுக்கு ஒப்பந்ததாரரிடம் பணம் பிடித்திருந்தால் அதுவும் மதிப்பில் சேரும். இலவசமாகக் கொடுத்திருந்தால் சேராது. உங்கள் அண்ணனுக்கு இலவசமாகத்தான் வந்திருக்கிறது, ஆகவே 17 லட்சம். இரண்டரை ஆண்டுக்கு 17.5 சதவீதம் கூட்டினால் 19.97 லட்சம். அதுவும் 16 லட்சத்துக்கு மேல்தான். 24 லட்சத்துக்கு எட்டாததால் இரண்டாம் வழி அடைபட்டுவிட்டது.

தனியார் வேலை என்பதால் சான்று மட்டும் போதாது, வரிப் பிடித்தத்துக்கான ஆதாரமும் கேட்பார்கள். அறக்கட்டளை 1 சதவீதம் பிடித்திருந்தால் வருமான வரிப் பிடித்தங்களைக் காட்டும் அண்ணனின் 26ஏஎஸ் படிவத்தில் 17 லட்சமும் அதற்கு 17 ஆயிரம் பிடித்தமும் தெரியும். இரண்டு நிதியாண்டுகளாகப் பிரிந்திருந்தால் இரண்டு ஆண்டுப் படிவங்களையும் வையுங்கள். சான்றில் 26 என்றும் படிவத்தில் 17 என்றும் இருந்தால் பரிசீலிப்பவருக்குச் சந்தேகம் வரும். அறக்கட்டளையிடம் போய், ஒப்பந்ததாரருக்குக் கொடுத்தது இவ்வளவு, நாங்கள் இலவசமாகக் கொடுத்த பொருள் இவ்வளவு என்று பிரித்துப் புதிய சான்று வாங்குங்கள். தொடங்கிய நாளும் முடிந்த நாளும் அதில் இருக்கட்டும்.

விடுதி வேலையை மறந்துவிடுங்கள். துறையின் ஒப்புதலோடு நியமிக்கப்பட்ட துணை ஒப்பந்ததாரர் என்பதற்குக் காகிதம் இல்லாமல் அதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மதுரை ஒப்பந்ததாரர்

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பணி அனுபவம் எல்லாம் சரியாக இருந்தும் தகுதிச் சான்றுகள் இருக்கும் தொழில்நுட்ப உறையிலேயே நீக்கிவிட்டார்கள். ஆடிட்டர் கொடுத்த விற்றுமுதல் சான்றில், சான்று உண்மையானதா என்று சரிபார்க்க உதவும் யுடிஐஎன் எண் இல்லை. விலை உறையைத் திறக்கவே இல்லை. அந்த 18 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு முன்வைப்புத் தொகை திரும்பி வருவதற்குள் நான் பட்ட பாடு தனி. யாராவது அதற்கு வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

கரூர் தங்கை

நன்றி அண்ணா. யுடிஐஎன் எண்ணோடுதான் ஆடிட்டர் சான்று தருவதாகச் சொல்லியிருக்கிறார். விற்றுமுதல் 2022-23இல் 19.40 லட்சம், 2023-24இல் 14.80, 2024-25இல் 8.20. சராசரி 14.13 லட்சம். தேவை 12 லட்சம்தான். ஆனால் கடைசி ஆண்டுக் கணக்கு இன்னும் தணிக்கை முடியவில்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர்

எந்த மார்ச் 31 வரை என்று டெண்டரில் தேதியோடு போட்டிருப்பார்கள், அதைப் பின்பற்றுங்கள். 2024 மார்ச் வரை என்றிருந்தால் 2021-22 உள்ளே வரும். அந்த ஆண்டு எவ்வளவு?

கரூர் தங்கை

6.10 லட்சம். அப்படிப் பார்த்தாலும் சராசரி 13.43 லட்சம் வருகிறது. ஆவணத்தில் 31-3-2024 என்றுதான் இருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன். தணிக்கை முடிந்த கணக்கே போதும்.

அங்கன்வாடிச் சான்றையும் எடுத்துப் பார்த்தேன். ஒப்பந்தம் 14.25 லட்சம், முடித்த மதிப்பு 13.60 லட்சம், நிறைவு 20-6-2020. நீங்கள் போட்ட கணக்கே நிற்கிறது.

பள்ளி வேலைச் சான்றில் ஒன்று இடிக்கிறது. 17.20 லட்சத்தில் வகுப்பறையும் தண்ணீர், கழிவுநீர் இணைப்புகளும் 13.10 லட்சம், சுற்றுச்சுவர் 4.10 லட்சம் என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். டெண்டரில் ஒத்த பணி என்பதற்கு "குடிநீர், கழிவுநீர் இணைப்புகளோடு கூடிய கட்டடப் பணி" என்று இருக்கிறது. சுவர் சேருமா?

சேலம் சிவில்

சேராது என்றே நினைக்கிறேன். சுற்றுச்சுவர் கட்டடம் அல்ல. 13.10 லட்சத்தை மட்டும் எடுத்தால், 15 மாதத்துக்கு 8.75 சதவீதம் கூட்டினாலும் 14.25 லட்சம்தான் வரும். மூன்றாவது பணி விழுந்துவிடும். மூன்றில் ஒன்று விழுந்தால் மொத்தமும் போய்விடும்.

ஓய்வுபெற்ற பொறியாளர்

நான் இதில் மாறுபடுகிறேன். ஒரே ஒப்பந்தத்தில் கட்டடமே பெரும்பகுதியாக இருந்து, சுற்றுச்சுவர் அதன் உறுப்பாக வந்தால் முழு மதிப்பையும் எடுத்துக்கொண்டதை நான் பரிசீலனையில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். 17.20 லட்சம் அப்படியே 16 லட்சத்துக்கு மேல்தான். ஆனால் கூறு பிரித்துப் பார்த்த அதிகாரிகளும் உண்டு, அதனால் சேலத்து நண்பரின் பயத்தைத் தள்ளிவிட முடியாது. நாம் இங்கே பேசி முடிவெடுக்கும் விஷயமல்ல இது. விளக்கம் கேட்பதற்கான கடைசி நாளுக்குள் டெண்டர் விட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். "எங்கள் அண்ணன் தகுதி பெறுவாரா" என்று கேட்டால் பதில் வராது. "ஒரே ஒப்பந்தத்தில் கட்டடத்தோடு சுற்றுச்சுவரும் இருந்தால், ஒத்த பணியின் மதிப்பாக ஒப்பந்தம் முழுவதும் கொள்ளப்படுமா, கட்டடப் பகுதி மட்டும் கொள்ளப்படுமா?" என்று பொதுவாகக் கேளுங்கள்.

அண்ணனுக்குச் சொல்ல ஒரு தாளில் பணிக்கு ஒரு வரி எழுதுங்கள்: செய்து முடித்த மதிப்பு, முடிந்த தேதி, 7 சதவீதம் கூட்டிய மதிப்பு, கையில் இருக்கும் காகிதம், இன்னும் வாங்க வேண்டிய காகிதம். வரி மூன்றுதான் வரும். அவர் பில் போட்டுப் பழகியவர், சதவீதத்தைவிட அந்தத் தாள் அவருக்குச் சட்டென்று விளங்கும்.

திண்டுக்கல் பில்டர்

ஐயா, அப்படியானால் நான் போன மாதம் தண்ணீர்த் தொட்டி வேலைக்கு உத்யம் சான்றை மட்டும் வைத்துப் போட்டிருக்கிறேனே, முன்வைப்புத் தொகை கட்டவில்லை. அது என்ன ஆகும்?

ஓய்வுபெற்ற பொறியாளர்

அந்த டெண்டரில் விலக்கு வாசகம் இருந்ததா என்று பாருங்கள். மாநில அரசு, உள்ளாட்சி டெண்டர்களில் விதி வேறாக இருக்கலாம். வாசகத்தை அப்படியே இங்கே எழுதினால் பார்க்கிறேன்.

கரூர் தங்கை

தாளில் எழுதிக் காட்டினேன். மூன்றாவது வரியில் விரலை வைத்து, "இந்தச் சுவருக்குப் பதில் வரும்வரை 80 ஆயிரத்தைப் புரட்ட வேண்டாம்" என்று அண்ணனே சொன்னார். அறக்கட்டளைச் செயலாளர் புதிய சான்று தர ஒப்புக்கொண்டிருக்கிறார். விளக்கக் கடிதம் இன்று அனுப்பிவிட்டேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.