ரிவ்யூ மீட்டிங்குக்கு பயமுறுத்தாம எப்படி கூப்பிடறது?

டீம்ல ஒருத்தருக்கு அரையாண்டு ரிவ்யூ வைக்கணும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் "உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்"னு மட்டும் மெயில் போனா மனுஷன் ரெண்டு நாள் தூங்க மாட்டார், அதனால செவ்வாய் காலைல அனுப்பி வியாழன் பேசலாம்னு இருக்கேன். எழுதி வெச்சது இது:

"வணக்கம், எல்லார்கூடவும் நடக்கற வழக்கமான அரையாண்டு ரிவ்யூ, வியாழன் 11 மணிக்கு 45 நிமிஷம், நாம ரெண்டு பேர் மட்டும். இந்த ஆறு மாச வேலை, அடுத்த இலக்குகள், உங்களுக்கு என்ன உதவி வேணும்னு பேசலாம். நேரம் ஒத்துவரலன்னா சொல்லுங்க."

ஆனா ரெண்டு டெட்லைன் தவறினதையும் பேசியாகணும். அதை அப்படியே எழுதினா பயந்துடுவார், "கவலைப்படாதீங்க"ன்னு போட்டா இன்னும் சந்தேகம் வரும், மறைச்சுட்டு நேர்ல எடுக்கறதும் நியாயமில்ல. "டெலிவரி நேரங்கள் பத்தியும் பேசலாம்"னு ஒரு வரி சேர்த்தா போதுமா? ஹெச்ஆர்ல இருக்கறவங்க ப்ளீஸ் சொல்லுங்க.