சரக்கில் போட்ட முதலுக்கு வரும் மொத்த இலாபம்: ஒரு சொல் வேண்டும்

ஹட்டன், மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களே, ஒரு சுப்பர்மார்க்கெட் ஊழியர்களுக்கான பயிற்சிக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஜிஎம்ஆர்ஓஐக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? ஆண்டின் மொத்த இலாபத்தைச் சராசரிக் கையிருப்பின் கொள்விலையால் வகுத்து வருவது அது. குறிப்பிலுள்ள கணக்கு இது: பால்மாவில் நூற்றுக்கு 5 தான் இலாபம். 60 இலட்சத்துக்கு விற்று 3 இலட்சம் வருகிறது. கையிருப்பு ஒன்றரை இலட்சம். ஆக 2. ஷாம்புவில் நூற்றுக்கு 25. 8 இலட்சத்துக்கு விற்று 2 இலட்சம் வருகிறது; கையிருப்பு இரண்டரை இலட்சம். ஆக 0.8. தட்டில் இடம் பால்மாவுக்கு. ‘திரும்பல்’ என்று எழுதிப் பார்த்தேன். பிள்ளைகள் பழுதாகித் திரும்பி வந்த சரக்கு என்று எடுத்துக்கொண்டார்கள்.

கண்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘முதலிலார்க்கு ஊதிய மில்லை’ என்கிறது குறள் 449. முதலும் இலாபமும் ஒரே அடியில் நிற்கின்றன. ‘சரக்கூதியம்’ என்று வையுங்கள்.

அக்கரபத்தனை, கடைக்காரர்:
ஐயா, இங்கே ஊதியம் என்றால் தோட்டத்துச் சம்பளம்தான். என் கடையில் கம்பளிக்கு நூற்றுக்கு 40 இலாபம், ஆனால் போன வருடத்துக் கட்டு அப்படியே மேல் தட்டில் கிடக்கிறது. அதில் முடங்கின காசுக்கு அரிசி எத்தனை தடவை எடுத்திருப்பேன்! வேகமாக ஓடுவதைத்தானே கேட்கிறீர்கள்? ‘ஓட்டம்’ போதும்.

பண்டாரவளை, கணக்காளர்:
ஓட்டம் பாதிதான், அண்ணே. கொள்விலைக்கே விற்றால் எவ்வளவு ஓடினாலும் விடை பூச்சியம். ஓட்டமும் இலாபமும் சேர்ந்ததுதான் இது. குறிப்பில் ஒன்றைக் கட்டாயம் சேருங்கள்: மார்ச் 31 கையிருப்பை மட்டும் எடுக்கக் கூடாது. சித்திரை வருடப்பிறப்புக்கு பிஸ்கட் குவிந்திருக்கும் நாள் அது. நல்ல சரக்கும் மோசமாகத் தெரியும். பன்னிரண்டு மாத முடிவுகளின் சராசரியை எடுங்கள். அப்புறம், இந்தக் கணக்குக்குத் தட்டின் அளவு தெரியாது. டொய்லட் பேப்பர் நல்ல எண் காட்டும், ஆனால் இடத்தை அடைக்கும். அதற்கு ஓர் அடித் தட்டுக்கு எவ்வளவு இலாபம் என்று தனியே பார்க்க வேண்டும். சொல்லுக்கு, கையிருப்பைக் குறிக்க நாங்கள் உயர்தரத்தில் படித்த ‘தொக்கு’ இருக்கிறதே?

கண்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘ஸ்டொக்’ என்ற ஆங்கிலச் சொல்லின் ஒலி என்று தொக்கைத் தள்ள வேண்டாம். புகு, புக்கு, நகு, நக்கு, அதுபோலத் தொகு, தொக்கு. தொகுத்து வைத்தது தொக்கு என்றே நான் கொள்வேன்.

பதுளை, பட்டதாரி மாணவி:
சேர், இலக்கணம் சரி. ஆனால் தமிழ்நாட்டில் அது சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது. ‘சரக்குமுதல் இலாப விகிதம்’ என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

ஹட்டன், மொழிபெயர்ப்பாளர்:
மாணவியின் சொல்லையே நால்வர் தனிமடலிலும் கேட்டிருக்கிறார்கள். அதையே அனுப்புகிறேன்.

பண்டாரவளை, கணக்காளர்:
‘மொத்த’ விழுந்துவிட்டது. மின்கட்டணமும் சம்பளமும் கழித்த இலாபம் என்று யாராவது அதைக் கழித்துவிட்டு வகுப்பார்கள். எனக்குச் சம்மதமில்லை.

கண்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
எனக்கும் இல்லை. இலாபம் வடசொல்.